பொழுதுபோக்கு ட்ரோன்: நம் குழுவின் பறப்பு விதிகள்

குழுவில் ட்ரோன் பறக்கவிடும் எல்லோருக்கும் இந்த விதிகள் பொருந்தும். விருந்தினராக வந்து ஐந்து நிமிடம் ரிமோட்டைக் கையில் வாங்குபவருக்கும் சேர்த்துத்தான். நம் ஆட்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள், சட்டமும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. எங்கே பறக்கவிடுகிறீர்களோ அந்த நாட்டுச் சட்டம்தான் முதலில். அது இதைவிடக் கண்டிப்பாக இருந்தால் அதன்படி, தளர்வாக இருந்தால் இதன்படி.

எடை

மேலே கிளம்பும்போது என்ன எடையோ அதுதான் கணக்கு. பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். பேட்டரி, மெமரி கார்டு, ப்ரொப்பல்லரைச் சுற்றி மாட்டும் காப்பு, ஒட்டிவைத்த விளக்கு எல்லாவற்றோடும் தராசில் வைத்துப் பாருங்கள். 249 கிராம் என்று வாங்கிய ட்ரோனில் பெரிய பேட்டரியைச் சொருகினால் அது அடுத்த வகைக்குப் போய்விடும்.

250 கிராம் என்ற கோட்டைப் பல நாடுகள் வைத்திருக்கின்றன. இந்தியாவில் அதுவரை நானோ வகை. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறிய வகை. அமெரிக்காவில் பொழுதுபோக்காகப் பறக்கவிடுபவர் 250 கிராமிலிருந்து பதிவு செய்ய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்குக் குறைந்திருந்தாலும் கேமரா இருந்தால் பறக்கவிடுபவர் பதிவு செய்தாக வேண்டும், பொம்மை வகைக்கு மட்டும் விலக்கு. ஆகவே ‘சின்னதுதானே’ என்ற பேச்சு இங்கே எடுபடாது.

நம் குழுவில் 250 கிராமுக்குக் குறைந்ததைப் புதியவர்களும் தனியாகப் பறக்கவிடலாம். அதிலிருந்து 2 கிலோ வரை உள்ளதற்கு, சட்டம் கேட்கும் பதிவு எண் உடலில் ஒட்டியிருக்க வேண்டும். நம்மோடு சேராத யாரும் 30 மீட்டருக்குள் இருக்கக் கூடாது. 2 கிலோவுக்கு மேற்பட்டதைப் பழகிய ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டுமே எடுக்கலாம். எந்த எடையானாலும் கூட்டத்தின் தலைக்கு மேல் போகக் கூடாது.

உயரம்

உச்சவரம்பு 120 மீட்டர். 400 அடி என்று சொல்வதும் ஏறத்தாழ இதுதான். சில இடங்களில் இதுவும் அதிகம்: சிங்கப்பூரில் அனுமதி இல்லாமல் 200 அடியைத் தாண்ட முடியாது. இந்தியாவில் விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையுள்ள பகுதியிலும் 200 அடிதான் அனுமதியில்லாமல் போகலாம்.

திரையில் தெரியும் உயரம் பெரும்பாலும் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடுவது, ட்ரோனுக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து அல்ல. 80 மீட்டர் குன்றின் உச்சியில் நின்று 50 மீட்டர் ஏற்றிப் பள்ளத்தாக்கின் மேல் நகர்த்தினால், திரை 50 என்று காட்டும். தரையிலிருந்து 130 ஆகியிருக்கும். சரிவில் பறக்கவிடும்போது இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள். தானாகத் திரும்பும் உயரத்தைச் சுற்றியுள்ள மிக உயர்ந்த மரத்துக்கு மேல் வையுங்கள், ஆனால் வரம்புக்குள்.

பார்வை

மற்ற எந்த விதியில் சலுகை கேட்டாலும் பேசிப் பார்க்கலாம், இதில் கிடையாது. ட்ரோன் எப்போதும் உங்கள் வெறும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூக்குக் கண்ணாடி போடலாம். பைனாகுலர், திரை, ஜூம் எதுவும் கணக்கில் வராது. ரிமோட் பல கிலோமீட்டர் எட்டும் என்பது சிக்னலின் பெருமை, உங்கள் கண்ணுக்கு அதனால் ஒன்றும் கூடிவிடாது.

வானில் ஒரு புள்ளி தெரிகிறது என்றால் அது ‘தெரிவது’ ஆகாது. உள்ளங்கையளவு ட்ரோன் 300 மீட்டரில் வெறும் கறுப்புப் பொட்டுதான். எனக்கே இப்படி நடந்தது: முன்பக்கம் என்னை நோக்கித் திரும்பிவிட்டதைக் கவனிக்காமல், திரும்பி வரட்டும் என்று குச்சியைப் பின்னால் இழுத்தேன். அது இன்னும் தள்ளிப் போனது. பதறி இன்னும் அழுத்தினேன். கடைசியில் புதரிலிருந்து மூன்று ப்ரொப்பல்லரோடு எடுத்துவந்தோம்.

அதிலிருந்து வந்ததுதான் இந்த விதி. பக்கத்தில் நிற்பவர் எப்போது வேண்டுமானாலும் “மூக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்கலாம். திரையைப் பார்க்காமல் உடனே சொல்ல வேண்டும். முடியாவிட்டால் அந்தத் தூரம் உங்களுக்கு அதிகம். வாதாடாமல் அருகே கொண்டுவாருங்கள்.

கேமரா காட்டுவதைக் கண்ணில் மாட்டிய கண்ணாடித்திரையில் பார்த்துப் பறக்கவிடுபவர் தனியாகப் பறக்கவிடக் கூடாது. அவருக்குப் பதிலாக ட்ரோனை வெறும் கண்ணால் தொடரும் ஒருவர், குரல் எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். மரத்துக்குப் பின்னால், கட்டடத்துக்கு அப்பால், மேகத்துக்குள் போவது இல்லை. பனிமூட்டத்திலும் இருட்டிலும் நம் குழு பறக்கவிடுவதில்லை.

ஹெலிகாப்டரோ விமானமோ சத்தம் கேட்டால், அது எங்கே என்று தேடிக்கொண்டிருக்காமல் முதலில் ட்ரோனைக் கீழே இறக்குங்கள். அப்புறம் பேட்டரி: 30 சதவீதம் வந்ததும் திரும்ப வேண்டும், எதிர்காற்று இருந்தால் 40. உடைந்தாலோ தொலைந்தாலோ அன்றே குழுவில் சொல்லிவிடுங்கள், யாரும் கேலி செய்ய மாட்டோம்.