மனப்பதற்றம்: டொக்டரிடம் கொடுக்கும் குறிப்பு

பெண், வயது 39. தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். பெயர், இலக்கம் கிளினிக் கொப்பியில் இருக்கிறது. வாயால் சொல்லத் தொடங்கினால் அழுகை வந்து பாதி விட்டுப்போகும், அதனால் எழுதினேன். சிங்களம் விளங்கும். ஆனால் இந்த விஷயங்களைச் சிங்களத்தில் சொல்ல வராது.

மருந்து எழுத முன் பார்க்க வேண்டியது
சின்ன வயதிலிருந்தே இழுப்பு. நீல பம்ப், சல்பியூட்டமோல். முன்பு வாரத்தில் ஒன்றிரண்டு தடவைதான். இப்போது மூச்சு முட்டும்போதெல்லாம் அடிக்கிறேன், சில நாள் எட்டுத் தடவைக்கு மேல். அடித்த பிறகு மூச்சு சரியாவதில்லை, நெஞ்சடிப்பும் கை நடுக்கமும்தான் கூடுகிறது. இழுப்பு என்றால் விசில் சத்தமும் இருமலும் வரும், இதில் இரண்டும் இல்லை. படபடப்புக்கு நல்லது என்று பக்கத்து லயத்தில் ப்ரொப்ரனலோல் 10 மில்லிகிராம் தந்தார்கள். இழுப்புக்காரருக்கு ஆகாது என்று பார்மசியில் சொன்னதால் குடிக்கவில்லை.

திடீரென்று வருவது
ஏழு மாதமாக. முதலில் மாதத்துக்கு ஒன்று, இப்போது வாரத்தில் மூன்று நான்கு. நெஞ்சு இடிக்கத் தொடங்கி பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும், அரை மணித்தியாலத்தில் அடங்கும். அடங்கிய பிறகு அன்று முழுக்க உடம்பில் சத்து இல்லை. விரல் நுனியும் வாயைச் சுற்றியும் மரத்துப்போகும். கை சில்லிடும், குளிரிலும் முதுகு வேர்க்கும். தொண்டையில் உருண்டை அடைத்த மாதிரி, வயிறு பிரளும், செத்துவிடுவேன் என்ற பயம். மகள் ஒரு தடவை நாடி எண்ணினாள்: நிமிடத்துக்கு 118.

மயங்கி விழுந்ததில்லை, வலிப்பு இல்லை. இடது மார்பில் ஒரு விரலால் காட்டக்கூடிய இடத்தில் குத்தும். கூடையோடு மேடு ஏறும்போது அந்தக் குத்து வருவதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் வருகிறது. தூக்கத்திலிருந்து எழுப்பியது இரண்டு தடவை.

வரும் இடங்கள்: நெருக்கமான பஸ், கொழுந்து நிறுக்கும் வரிசை, சரிவின் ஓரத்து நிரை. அதனால் ஹட்டன் டவுனுக்குப் போவதை விட்டுவிட்டேன். வேலைக்கு வாரத்தில் மூன்று நாள்தான் போகிறேன், போனாலும் நிறை எடுக்க முடியாமல் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழுகிறது.

மற்ற நேரத்தில்
கவலை ஓயாது: பிள்ளைகள், கடன், பின்பக்க மண்மேடு. மழை பெய்தால், மண்சரிவு எச்சரிக்கை வந்தால், இரவெல்லாம் விழித்துச் சுவரைப் பார்ப்பேன். மழையில்லாத நாளிலும் பத்து மணிக்குப் படுத்தால் பன்னிரண்டுக்குத்தான் தூக்கம், மூன்றுக்கு முழிப்பு. கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கின்றன. சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறேன், பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். பசி இல்லை. நிறை 52 கிலோவிலிருந்து 47.

சாக வேண்டும் என்ற எண்ணம் இப்போது இல்லை. மார்ச்சில் இரண்டு நாள் 'நான் இல்லாவிட்டால் நல்லது' என்று தோன்றியது, ஆனால் எப்படி என்று யோசிக்கவில்லை. வீட்டில் பூச்சி மருந்து வைப்பதில்லை.

வீட்டுக்காரர் குடிப்பார், சம்பள நாளில் சண்டை வரும். இதைப் பற்றி அவர் வெளியே இருக்கும்போது கேளுங்கள்.

உடம்பில் வேறு காரணம் இருக்குமா
தொடங்கிய மாதத்தில் ஓபீடீயில் காட்டினேன். கேஸ் என்று ஒமெப்ரசோல் தந்தார்கள், ஒரு மாதம் குடித்தும் இது நிற்கவில்லை. பெப்ரவரியில் எடுத்த ஈசீஜீ நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்போது ஹீமோகுளோபின் 9.8. இரும்புக் குளிசை மலச்சிக்கலால் பாதியில் நின்றது. மாதவிடாய் ஒழுங்கு, ஆனால் அதிகம் போகும். கடைசிப் பிள்ளையோடு கருத்தடை ஒபரேஷன் செய்தாயிற்று. சீனி வருத்தம் இல்லை. தைரொய்ட் இதுவரை பார்க்கவில்லை. அம்மாவுக்குக் கழுத்துக் கழலை எடுத்தார்கள், அக்காவும் இப்படித்தான் பயப்படுவாள்.

பிளேன்டீ நாளைக்கு ஏழு எட்டுக் கோப்பை, கடைசிக் கோப்பை இரவு எட்டுக்கு. புகையிலை போட்டு வெத்திலை, நாலைந்து தடவை. சாராயம் இல்லை. கோயிலில் திருநீறு போட்டுத் தாயத்தும் கட்டினார்கள், மனசுக்கு ஆறுதல்தான். நாட்டு மருந்து எதுவும் குடிக்கவில்லை.

கேட்க வேண்டியது
தைரொய்ட்டும் இரத்தமும் பார்க்கலாமா? சரிவில் நின்று பறிக்கிறேன், தலை சுற்ற வைக்கும், தூக்கம் வரவைக்கும் மருந்தென்றால் இரவில் குடிக்கலாமா? மருந்து வேலை செய்யத் தொடங்க எத்தனை வாரம் எடுக்கும், அதுவரை வருத்தம் கூடுமா? பம்ப் எப்போது அடிக்க வேண்டும், எப்போது அடிக்கக்கூடாது? பேசித் தேற்றும் சிகிச்சை தமிழில் இங்கே கிடைக்குமா? ஒரு நாள் கிளினிக் என்றால் ஒரு நாள் சம்பளம் போகும், அதனால் மாதத்துக்கு ஒரு திகதி தந்தால் வர முடியும்.