இரவு 11:30, நீலாங்கரை: பங்குனி ஆமையைத் தேடி ஒரு நைட் வாக்

எடிட்டிங்குக்கு முன், தம்பிக்கு: நான் கேமராவைப் பார்த்துப் பேசும் இடங்களில் சப்டைட்டில் வேண்டாம். மீனவ அண்ணன் பேசும்போது அலைச் சத்தம் அதிகம், அங்கே போடு. புனேயிலிருந்து வந்த வாலண்டியர் அக்கா இங்கிலீஷில் பேசும் இடத்தில் ஒரே ஒரு வரி, தமிழில். மற்றபடி வாயில் வந்த வார்த்தையை மாற்றாதே. நான் ‘நெஸ்ட்’ என்றால் திரையிலும் ‘நெஸ்ட்’. பாட்டி டிவியில்தான் பார்ப்பார், எழுத்து பெரிதாக இருக்கட்டும்.

காட்சி 1. நீலாங்கரை கடற்கரை. சிவப்பு டார்ச் வெளிச்சம் மட்டும்.

நான்: வணக்கம் மக்களே! முகம் சரியாகத் தெரியவில்லை என்று கமெண்ட் போடாதீர்கள். இன்றைக்கு ரிங் லைட் கிடையாது, ஃப்ளாஷ் கிடையாது. டார்ச் மேலே சிவப்பு செலோஃபேன் பேப்பர் ஒட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். வெள்ளை வெளிச்சம் பட்டால் கரைக்கு வருகிற ஆமை முட்டையே போடாமல் திரும்பிப் போய்விடும். ஸோ, வீடியோ குவாலிட்டி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள், ப்ளீஸ்.

தம்பி (கேமராவுக்குப் பின்னால்): அக்கா, ப்ளான் சொல்லு.

நான்: ப்ளான் சிம்பிள். இங்கிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் கடலோரமாகவே நடக்கப் போகிறோம். ஏறத்தாழ 7 கிலோமீட்டர். தேடுவது ஆலிவ் ரிட்லி. நம் கடற்கரையில் அதற்குப் பெயர் பங்குனி ஆமை. ஜனவரியில் வர ஆரம்பித்து, மார்ச் வரைக்கும் ராத்திரியில் கரையேறி முட்டை போடும்.

காட்சி 2. நடந்துகொண்டே. குரல் மட்டும் மேலே ஓடட்டும், பின்னணியில் அலை. மியூசிக் வேண்டாம்.

நான் (வாய்ஸ் ஓவர்): மெட்ராஸில் இந்த நடை இன்றைக்கு நேற்று வந்த ட்ரெண்ட் இல்லை. 1970-களிலேயே இதே மணலில் ராத்திரி ராத்திரியாக நடந்து முட்டைகளைத் தேடியிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஆள் ஒருவரைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பெயர் சதீஷ் பாஸ்கர். ஐஐடி மெட்ராஸில் இன்ஜினியரிங் படிக்க வந்தவர், அதை விட்டுவிட்டுக் கடலாமைகள் பின்னால் போனார். இந்தியாவின் கடற்கரைகளில் எங்கெங்கே ஆமை முட்டை போடுகிறது என்று கால்நடையாகவே போய்ப் பதிவு செய்தார். 1982 மழைக்காலத்தில் லட்சத்தீவில் ஆளே இல்லாத ஒரு தீவில் மாதக்கணக்கில் தனியாகத் தங்கினார். மழைக்காலத்தில் அங்கே படகு போகாது, போன் கிடையாது, எதுவும் கிடையாது. மனைவிக்கு எழுதிய கடிதத்தை ஒரு பாட்டிலில் போட்டுக் கடலில் விட்டார். அது இலங்கை மீனவர் ஒருவர் கையில் கிடைத்து, அவர் தபாலில் அனுப்பி, வீட்டுக்கு வந்தே சேர்ந்துவிட்டது! இதை முதல் தடவை படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அப்புறம் 1988-ல் சென்னை மாணவர்கள் சேர்ந்து ஸ்டூடண்ட்ஸ் ஸீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க் என்ற குழுவை ஆரம்பித்தார்கள். காலேஜ் பசங்கள்தான், நம்மைப் போல. அன்றைக்கு ஆரம்பித்தது இன்னும் நிற்கவில்லை.

காட்சி 3. வலை உலரும் இடம். மீனவ அண்ணன் ஃபைபர் போட்டில் சாய்ந்து நிற்கிறார். சப்டைட்டில் ஆன்.

நான்: அண்ணா, இந்த வருஷம் ஆமை நிறைய வருதாண்ணா?

அண்ணன்: வருதும்மா. உயிரோட வர்றதும் உண்டு, செத்து ஒதுங்குறதும் உண்டு. போன மாசம் இங்கயே நாலு பார்த்தேன்.

நான்: எப்படிண்ணா சாகுது? தண்ணியில இருக்கிறதுதானே?

அண்ணன்: தண்ணியில இருந்தாலும் மூச்சு மேல வந்துதான் விடணும். எங்க வலையில மாட்டினா உடனே தெரியும், எடுத்து விட்டுடுவோம். பெரிய போட்டு இழுவலையில மாட்டினா, அவன் வலையத் தூக்குறதுக்குள்ள மூச்சு முட்டிப் போயிடும்.

(சப்டைட்டில் ஆஃப். நான் கேமராவுக்கு.)

நான்: இந்த விஷயம் பல பேருக்குத் தெரியாது. ஆமைக்கு நுரையீரல்தான். நம்மைப் போலக் காற்றைத்தான் இழுக்க வேண்டும். 2025 ஜனவரி நியூஸ் ஞாபகம் இருக்கிறதா? சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் செத்து ஒதுங்கிய ஆமைகள் ஆயிரத்தைத் தாண்டின. முட்டை போடுவதற்காகக் கரைக்குப் பக்கத்தில் கூடுகிற அதே நேரத்தில், அதே இடத்தில் ட்ராலர் வலை ஓடினால் என்ன ஆகும்? கரையிலிருந்து 5 நாட்டிகல் மைல், அதாவது 9 கிலோமீட்டர் சொச்சம், அதற்குள் விசைப்படகு இழுவலை போடக் கூடாது என்று தமிழ்நாட்டில் சட்டமே இருக்கிறது. 1983-ல் வந்த சட்டம். வலைக்குள் ஆமை வந்தால் வெளியே போக ஒரு வழி வைக்கிற டெட் என்கிற கருவியும் இருக்கிறது. சட்டமும் இருக்கு, டெக்னாலஜியும் இருக்கு. கடலில் போய் யார் செக் பண்ணுகிறார்கள் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை நாம் சத்தமாகவே கேட்க வேண்டும், பழியைச் சின்னப் படகுக்காரர்கள் தலையில் போடாமல்.

காட்சி 4. தடம். கேமரா தரையோடு தரையாக.

வாலண்டியர் அண்ணா: எல்லாரும் அப்படியே நில்லுங்க. யாரும் இதைத் தாண்டாதீங்க.

தம்பி: அக்கா... ட்ராக்!

நான் (மெதுவாக): ஓ மை காட். மக்களே, பாருங்கள். சின்ன ட்ராக்டர் ஒன்று கடலிலிருந்து ஏறி வந்து, யூ டர்ன் எடுத்துத் திரும்பிப் போன மாதிரி இருக்கிறது. ஏறின கோடு ஒன்று, இறங்கின கோடு ஒன்று. ஸோ, அம்மா வந்துவிட்டுப் போய்விட்டது. ஜஸ்ட் மிஸ்!

புனே அக்கா: த சாண்ட் இஸ் ஸ்டில் வெட். ஷி லெஃப்ட் வெரி ரீசன்ட்லி.

சப்டைட்டில்: மணல் ஈரமாகவே இருக்கு. இப்பதான் போயிருக்கு.

நான் (வாய்ஸ் ஓவர்): இரண்டு கோடும் சேருகிற இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். அங்கேதான் எங்கேயோ நெஸ்ட். ஆனால் சரியான இடம் தெரியாது, ஏனென்றால் முட்டை போட்ட பிறகு அம்மா குழியை மூடி, உடம்பாலேயே தட்டித் தட்டி இறுக்கி, சுற்றிலும் மணலை வாரி அடித்துவிட்டுத்தான் போகும். வாலண்டியர் அண்ணா ஒரு கம்பியை மெதுவாக, ரொம்ப மெதுவாக, மணலில் இறக்கிப் பார்க்கிறார். மணல் இறுக்கமாக இருந்தால் அங்கே இல்லை. திடீரென்று இளகினால் நிறுத்திவிட்டுக் கையால் தோண்டுகிறார்.

(கை, மணல், குழி. பேச்சே இல்லாமல் ஓடட்டும், வெட்டாதே.)

நான்: தெரியுதா? வாய் குறுகி, அடி அகன்ற குழி. ஒன்றரை அடி ஆழம் இருக்கும். பின்னங்கால் இரண்டை மட்டும் வைத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் தோண்டியது!

வாலண்டியர் அண்ணா: நூற்றிப் பத்து, நூற்றிப் பதினொண்ணு, நூற்றிப் பன்னிரண்டு. அவ்வளவுதான்.

நான்: 112 முட்டை! ஓடு கெட்டியாக இருக்காது, தொட்டால் லேசாக அமுங்கும். நாங்கள் யாரும் தொடவில்லை. பயிற்சி எடுத்த, வனத்துறை அனுமதி உள்ளவர்கள் மட்டும்தான் எடுக்க வேண்டும். வைல்ட்லைஃப் ஆக்ட் 1972-ல் ஷெட்யூல் ஒன், புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. ஸோ, வீடியோ பார்த்துவிட்டு யாரும் தனியாகப் போய்த் தோண்டிவிடாதீர்கள், சீரியஸாகச் சொல்கிறேன்.

தம்பி: ஏன் எடுக்கணும்? அங்கேயே விட்டா பொரிக்காதா?

நான்: குட் கொஸ்டின். பொரிக்கும். அதுதான் நல்லதும்கூட. ஆனால் இது சென்னை. நாய் தோண்டும், மேலே ஆள் நடப்பார்கள். எல்லாம் தப்பிக் குஞ்சு வெளியே வந்தாலும் அடுத்த பிரச்சினை வெளிச்சம். அதனால் போட்ட சில மணி நேரத்துக்குள் ஹாட்ச்சரிக்குக் கொண்டுபோய், அதே அளவில் குழி தோண்டி வைக்கிறார்கள். 45-லிருந்து 60 நாளில் பொரியும். இன்னொரு விஷயம் கேட்டால் நம்ப மாட்டீர்கள். குஞ்சு ஆணா பெண்ணா என்பது மணல் சூட்டைப் பொறுத்தது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். கோடை ஏற ஏற என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

காட்சி 5. அபார்ட்மென்ட் பின்பக்கச் சுவர். கடலைப் பார்த்து ஃப்ளட் லைட். (கட்டடத்தின் பெயர், கேட் எண் தெரிந்தால் பிளர் பண்ணு.)

நான்: இதைத்தான் சொன்னேன். ராத்திரியில் இயற்கையாக எது வெளிச்சமாக இருக்கும்? கடல்தான். நிலாவும் நட்சத்திரமும் தண்ணீரில் பட்டு மின்னும். குஞ்சு அதை நோக்கி ஓடும். இப்போது இந்த லைட்டைப் பாருங்கள். கடலைவிட இதுதான் பளிச். குஞ்சு எந்தப் பக்கம் ஓடும்? ரோட்டுப் பக்கம்.

வாட்ச்மேன் ஐயா: யாரும்மா நீங்க, இந்த நேரத்துல?

நான்: ஐயா, ஆமை முட்டை தேடி வந்தோம். இந்த லைட்டை மட்டும் கொஞ்சம் அணைக்க முடியுமாய்யா?

வாட்ச்மேன் ஐயா: நான் அணைச்சா காலையில கேள்வி கேப்பாங்கம்மா. செகரட்டரி சார் சொன்னா உடனே அணைச்சிடுறேன். குஞ்சு இந்தப் பக்கம் வரும்மா. நானே ரெண்டு மூணு தடவை பொறுக்கிக் கொண்டுபோய் விட்டிருக்கேன்.

நான் (கேமராவுக்கு): கேட்டீர்களா? ஐயாவுக்கு மனசு இருக்கிறது. சுவிட்சுக்குத்தான் பர்மிஷன் இல்லை.

காட்சி 6. மறுநாள் மாலை. வீடு, ஜன்னல் வெளிச்சம்.

நான்: ஓகே, அப்டேட். அந்த அசோசியேஷன் செகரட்டரி அங்கிளிடம் இன்று நேரில் பேசினோம். செக்யூரிட்டிக்காகத்தான் லைட், முழுசாக அணைக்க முடியாது என்றார். அவர் சொல்வதும் நியாயம். அதனால் வேறு மாதிரி கேட்டோம். கடலைப் பார்க்கிற லைட்டைக் கீழ்நோக்கித் திருப்பி, மேலே ஒரு தகரத் தடுப்பு போட முடியுமா? ராத்திரி 11-க்கு மேல் டைமரில் அணைக்க முடியுமா? தடுப்புக்கு ஓகே சொல்லிவிட்டார். டைமர் அடுத்த மீட்டிங்கில் பேசுவார்களாம்.

ஈசிஆர் பக்கம், பெசன்ட் நகர், கொட்டிவாக்கம், பாலவாக்கம், எங்கே கடலைப் பார்த்து வீடு இருந்தாலும் இதே இரண்டையும் உங்கள் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். மார்ச்சோடு முடிந்தது என்று லைட்டைத் திரும்பப் போட்டுவிடாதீர்கள். மார்ச் கடைசியில் போட்ட முட்டை மே மாதம்தான் பொரியும். ஸோ, மே முடிகிற வரைக்கும்.

தம்பி: அக்கா, 112 எப்போ வெளிய வரும்?

நான்: ஏப்ரல் நடுவில் ஆரம்பிக்கலாம். ஹாட்ச்சரியில் கேட்டு வைத்திருக்கிறோம். குஞ்சுகளைக் கடலில் விடுகிற அன்று நாங்களும் போகிறோம், அந்த வீடியோ தனியாக வரும். அதற்குள் டைமர் விஷயம் என்ன ஆச்சு என்று பின் பண்ணின கமெண்டில் போடுகிறேன். உங்கள் பில்டிங்கில் கேட்டுப் பார்த்தீர்கள் என்றால் என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள். முடியாது என்று சொல்லியிருந்தாலும் எழுதுங்கள், அடுத்து எப்படிக் கேட்கலாம் என்று சேர்ந்து யோசிக்கலாம்.

எண்ட் கார்டு, 10 செகண்ட், எழுத்து மட்டும்:
கரையில் ஆமையோ தடமோ பார்த்தால் தள்ளி நில்லுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். நாயை விரட்டுங்கள். வனத்துறைக்கோ பக்கத்து ஆமைக் குழுவுக்கோ உடனே சொல்லுங்கள்.