மொளகா கூப்புடுது
(குறும்படத் திரைக்கதை)

காட்சி 1: பகல், உள்ளே

காங்கேயம் பக்கத்துக் கிராமம். ஓட்டு வீட்டு ஆசாரம். கயிற்றுக் கட்டிலில் பாவாயம்மாள் (70), புது செல்போனைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் பேரன் கவின், ஏழாம் வகுப்பு, கோடை லீவு.

பாவாயம்மாள்: என்றா கண்ணு, எத்தன அமுக்கியும் நவுர மாட்டீங்குது?

கவின்: அமுக்காத ஆத்தா. சும்மா தொட்டாப் போதும்.

பாவாயம்மாள்: தொட்டுட்டுத்தான சாமி இருக்கறேன். காலைல இருந்து.

கவின் தொடுகிறான். உடனே திறக்கிறது. ஆத்தா முறைக்கிறார். அவன் அவர் கையைத் திருப்பிப் பார்க்கிறான்.

மிக அருகில்: பால் கறந்து காய்த்துப்போன விரல் நுனிகள், வெடிப்புகளில் மஞ்சள் கறை. இங்கே இசை வேண்டவே வேண்டாம். கையை நன்றாகப் பார்க்க விட வேண்டும்.

கவின்: உன்ற வெரலு காஞ்சு கெடக்குது ஆத்தா. அதான் போனுக்குத் தெரியல.

துண்டை நனைத்து வந்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிடுகிறான். ஆத்தா கூச்சத்தில் நெளிகிறார். மறுபடி தொடுகிறார். திறக்கிறது.

பாவாயம்மாள்: இப்பத்தான் மருவாதிக்கு வந்துருக்குது!

காட்சி 2: மாலை, திண்ணை

வாசலில் காங்கேயம் மாடும் செவலைக் கன்றும்.

பாவாயம்மாள்: எனக்கு எழுத்துத் தெரியாதே. யாரு கூப்புடறாங்கன்னு எப்புடிக் கண்டுபுடிக்கறது?

கவின்: ஆளுக்கொரு படம் வெச்சரலாம். பால்காரருக்குக் கேனு. மாட்டு டாக்டருக்கு நம்ம கன்னுக்குட்டி.

பாவாயம்மாள்: வேண்டாஞ் சாமி. இப்பச் செவலையா இருக்குது, ஆறு மாசம் போனா வெளுத்துரும். அப்பறம் ஆருன்னு நாந் தெணறறதா?

கவின்: சரி, ஊசி. அம்மாளுக்கு?

பாவாயம்மாள்: (குரலைத் தாழ்த்தி) மொளகா.

இருவரும் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள்.

கவின்: எனக்கு இது வெய்யி. ஸ்கூல்ல எடுத்தது, டையெல்லாம் கட்டி.

ஆத்தா தானே விரலால் தள்ளித் தள்ளிப் போகிறார். தொட்டித் தண்ணீரில் சட்டையில்லாமல் கவின் நிற்கும் படத்தில் நிறுத்துகிறார்.

பாவாயம்மாள்: இதுதான்.

கவின்: ஐயோ, வேண்டாம் ஆத்தா!

பாவாயம்மாள்: நீயும் அந்தக் கன்னாட்டத்தான். வளந்தா மாறிருவ. லீவுக்கு லீவு வந்து படத்த மாத்திக் குடுத்துட்டுப் போ.

கவின் எதுவும் சொல்லாமல் அந்தப் படத்தையே வைக்கிறான்.

காட்சி 3: ஞாயிறு காலை, ஆசாரம்

கவினைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போக அம்மா வந்திருக்கிறாள். பை தயார்.

அம்மா: என்ற நம்பரு இருக்குதுங்களாத்த? அடிச்சுப் பாக்கறேன்.

கவின் பாய்ந்து போனை எடுக்கப் பார்க்கிறான். அதற்குள் அது கட்டிலில் அடிக்கிறது. திரை நிறையச் சிவப்பு மிளகாய். அம்மா எட்டிப் பார்க்கிறாள்.

அம்மா: ஏனுங்கத்த, நான் மொளகாயாங்க?

ஆத்தா விரலை முந்தானையில் துடைத்து, பதமாகத் தொட்டு, எதிரே நிற்கும் மருமகளிடம் போனிலேயே பேசுகிறார்.

பாவாயம்மாள்: அல்லோ! அது உன்ற பையன் வெச்ச படம். மாத்தச் சொல்றேன், இன்னும் நாலு நாளு உட்டுட்டுப் போ!