மிக்ஜாம் மழை நாட்களின் ஜெனரேட்டர் டீசல் செலவு: ஆறு வீடுகளுக்கான பங்கீட்டுக் கணக்கு

முடிச்சூர், 10 டிசம்பர் 2023

நம் வரிசையில் உள்ள ஆறு வீட்டாருக்கும் வணக்கம்.

மிக்ஜாம் புயல் மழையில் டிசம்பர் 4 காலை மின்சாரம் நின்றதிலிருந்து 7ஆம் தேதி இரவு திரும்ப வரும் வரை நம் பொது ஜெனரேட்டர் ஓடியதற்கான டீசல் கணக்கை முடித்துவிட்டேன். ஜெனரேட்டரில் உள்ள மணி மீட்டர் 4ஆம் தேதி 212.4 என்றும் 7ஆம் தேதி இரவு 242.4 என்றும் காட்டியது. ஆகவே மொத்தம் 30 மணி நேரம் ஓடியிருக்கிறது. மழைக்கு முன் அளவுக்குச்சியில் டீசல் நின்ற கோட்டுக்கே 8ஆம் தேதி மீண்டும் டேங்கை நிரப்பிவிட்டேன் என்பதால், இடையில் வாங்கிய 75 லிட்டர்தான் செலவான அளவு. லிட்டர் 94 ரூபாய் 24 காசு வீதம் டீசலுக்கு 7,068 ரூபாய் ஆயிற்று. தெருவில் முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றபோதும் இரண்டு முறை கேன்களோடு பங்க்குக்குப் போய் வந்த ஆட்டோக்காரருக்கு 450 ரூபாய் கொடுத்தேன். அந்தத் தண்ணீரில் அது அதிகமான கூலி அல்ல. மொத்தம் 7,518 ரூபாய்.

ஜூன் மாதம் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் பொருத்தியபோது நாம் எல்லோரும் கையெழுத்திட்ட தாளில், டீசல் செலவை ஜெனரேட்டர் லைனில் இணைத்துள்ள சுமையின்படி பிரிப்பது என்று எழுதியிருக்கிறோம். சமமாகப் பிரித்துவிட்டால் எளிது என்று இருவர் கேட்டார்கள். சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு 1,253 ரூபாய் வருகிறது. சுமையின்படி பிரித்தாலும் என் வீட்டுக்கு அதே 1,253 ரூபாய்தான் வருகிறது. ஆகவே இதில் எனக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மூன்று மின்விசிறியும் ஒரு பிரிட்ஜும் மட்டும் வைத்திருக்கும் ஆறாம் எண் வீடு, ஏ.சி. இணைத்திருக்கும் வீட்டுக்குச் சமமாகப் பணம் தருவது நியாயமில்லை என்பதால்தான் தாளில் எழுதியதையே பின்பற்றுகிறேன். ஜெனரேட்டர் சும்மா ஓடினாலும் டீசல் குடிக்கத்தானே செய்கிறது, அந்தப் பகுதியையாவது சமமாகப் பிரிக்கலாமே என்ற கேள்வி சரியான கேள்விதான். ஆனால் சிறிய சுமை உள்ள வீடுகள் மட்டும் சேர்ந்திருந்தால் 5 கே.வி.ஏ. ஜெனரேட்டரே போதுமாக இருந்திருக்கும், 15 கே.வி.ஏ. வாங்க நேர்ந்ததும், அந்தப் பெரிய எஞ்சின் சும்மா ஓடும்போதே கூடுதலாகக் குடிப்பதும் மொத்தச் சுமையால் வந்தவை.

ஆழ்துளைக் கிணற்று மோட்டார் மட்டும் எல்லோருக்கும் பொது. தினமும் காலையில் ஒரு மணி நேரம், வீட்டு எம்.சி.பி.க்களை இறக்கிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டினோம். முதல் நாள் அளவுக்குச்சி போட்டுப் பார்த்ததில் அந்த ஒரு மணி நேரத்துக்கு இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகியிருந்தது. அதன்படி நான்கு நாட்களுக்கு 7.5 லிட்டர், அதாவது 706 ரூபாய் 80 காசு. இதை ஆறாகப் பிரித்தால் வீட்டுக்கு 117 ரூபாய் 80 காசு. ஆட்டோ கூலியில் வீட்டுக்கு 75 ரூபாய். மீதமுள்ள 67.5 லிட்டருக்கான 6,361 ரூபாய் 20 காசைத்தான் சுமையின்படி பிரித்திருக்கிறேன். ஆறு வீடுகளின் சுமை மொத்தம் 7,200 வாட் என்பதால், 100 வாட்டுக்கு 88 ரூபாய் 35 காசு வருகிறது.

சுமையை எப்படிக் கூட்டினோம் என்பதற்கு என் வீட்டையே காட்டுகிறேன்: மின்விசிறி ஐந்து 375 வாட், டியூப்லைட் ஏழு 140, பிரிட்ஜ் 200, டி.வி. 100, கம்ப்யூட்டர் 200, கிரைண்டர் 150, வைஃபையும் செல்போன் சார்ஜர்களும் 35. ஆக 1,200 வாட். மற்ற வீடுகளுக்கும் எலக்ட்ரீஷியன் இதே முறையில் எடுத்த பட்டியல் என்னிடம் உள்ளது. ஐந்தாம் எண் வீட்டின் 1,500 வாட்டில் 700 வாட் இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறுவதற்கானது. இன்வெர்ட்டர் கண்ணுக்குத் தெரியாமல் இழுக்கும் சுமை என்பதால், வேறு யாராவது அதை ஜெனரேட்டர் லைனில் மாற்றியிருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஒவ்வொரு வீடும் தர வேண்டிய தொகை, மோட்டார் பங்கும் ஆட்டோ கூலியும் சேர்த்து, முழு ரூபாயாக்கியபின்:

எண் 1: 600 வாட், 723 ரூபாய்
எண் 2: 900 வாட், 988 ரூபாய்
எண் 3: 1,200 வாட், 1,253 ரூபாய்
எண் 4: 2,500 வாட், 2,402 ரூபாய்
எண் 5: 1,500 வாட், 1,518 ரூபாய்
எண் 6: 500 வாட், 635 ரூபாய்

முழு ரூபாயாக்கியதில் ஒரு ரூபாய் கூடுகிறது. அதை ஆயில் மாற்றும் கணக்கில் வைத்துவிட்டேன்.

முதலாம் எண் வீட்டுப் பெரியவரின் ஆக்சிஜன் கருவி 350 வாட் இழுக்கிறது. அதையும் கணக்கில் சேர்த்துவிடும்படி அவர் மகன் இரண்டு முறை வற்புறுத்தினார். நான் சேர்க்கவில்லை. இதனால் மற்ற வீடுகளுக்குச் சுமார் 20 ரூபாய் முதல் 102 ரூபாய் வரை கூடுகிறது. 5ஆம் தேதி இரவு அவருக்கு மூச்சுத் திணறியபோது, 12 மணிக்கு நிறுத்துவதாக இருந்த ஜெனரேட்டரை விடியும் வரை ஓட விடுங்கள் என்று நீங்கள் எல்லோரும் மாடியிலிருந்தே குரல் கொடுத்தீர்கள். அந்தக் கருவிக்குப் பணம் வாங்க யாருக்கும் மனம் வராது என்று நம்பியே இப்படிச் செய்தேன். மாற்றுக் கருத்து இருந்தால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். அந்தக் கூடுதல் தொகையை என் பங்கில் ஏற்றுக்கொள்கிறேன்.

நான்காம் எண் வீட்டார் ஏ.சி. இரண்டு இரவு மட்டுமே ஓடியது என்று சொன்னார்கள். அது உண்மை; நானும் அறிவேன். ஆனால் வீட்டுக்கு வீடு தனி மீட்டர் இல்லாத வரையில், யார் எதை எத்தனை மணி நேரம் போட்டார்கள் என்று எழுதிவைக்க வழியில்லை. எழுதத் தொடங்கினால் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டிருக்க வேண்டிவரும். ஏ.சி. லைனை ஜெனரேட்டரிலிருந்து பிரித்துவிட விரும்பினால், எலக்ட்ரீஷியனுக்கு அது அரை மணி நேர வேலை. அடுத்த கணக்கிலிருந்து அவர்கள் சுமை 1,400 வாட் ஆகிவிடும். அல்லது ஆறு வீட்டுக்கும் சிறிய சப்மீட்டர் பொருத்தி, ஓடிய யூனிட்டுக்கு ஏற்பப் பிரிக்கலாம். எனக்கு இரண்டாவது வழிதான் பிடித்திருக்கிறது. இதைப் பேச 17ஆம் தேதி ஞாயிறு காலை 10 மணிக்கு என் வீட்டு வாசலில் கூடலாம்.

தொகையை அன்றைக்குள் ரொக்கமாகவோ, வழக்கமாக அனுப்பும் ஜிபே எண்ணிலோ தந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த மாதம் வண்டியோ வீட்டுச் சாமான்களோ தண்ணீரில் மூழ்கி அவற்றுக்குச் செலவு வைத்திருப்பவர்கள் ஜனவரியில் தரலாம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். பங்க் ரசீதுகள், மணி மீட்டரின் புகைப்படங்கள், சுமைப் பட்டியல் எல்லாம் ஜெனரேட்டர் சாவியோடு ஒரே உறையில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். கணக்கில் பிழை தெரிந்தால் 17ஆம் தேதிக்கு முன்பே சொல்லுங்கள், திருத்திப் புதிய தொகையை எல்லோருக்கும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் எண் வீடு