அப்பாவைப் பற்றி எழுதியதற்கு

கவிதா,

கொரோனாவில் போன உங்கள் அப்பாவைப் பற்றி ராத்திரி ஒன்றரை மணிக்கு நீங்கள் எழுதி அனுப்பியதைக் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் உட்கார்ந்து படித்தேன். சட்டென்று நாலு வரி தட்டி அனுப்ப மனசு வரவில்லை, அதனால்தான் மதியமாகிவிட்டது. "ஸாரி, பேச ஆரம்பித்த முதல் வாரத்திலேயே கொட்டிவிட்டேன்" என்று முடித்திருந்தீர்கள். அந்த ஸாரி வேண்டாம்.

எனக்கு அப்பா அம்மா இரண்டு பேரும் இருக்கிறார்கள். உங்கள் வலி புரிகிறது என்று சொன்னால் அது பொய். ஆனால் 2021 மே மாதம் எனக்குத் தெரியும். அப்போது மொத்த மருந்துக் கடை கவுன்ட்டரில் இருந்தேன். டாக்டர் சீட்டையும் ஆதார் நகலையும் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் "ரெம்டெசிவிர் ஸ்டாக் இல்லைங்க" என்று சொல்வதே வேலையாக இருந்தது. முதலில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவோம், அப்புறம் நேரு ஸ்டேடியத்துக்கு. நீங்கள் நின்றது அந்த வரிசைதான்.

"ரெண்டு நாள் முன்னாடி மருந்து கிடைத்திருந்தால்" என்று எழுதியிருக்கிறீர்கள். சமாதானத்துக்குச் சொல்லவில்லை, தொழிலில் இருப்பவனாகச் சொல்கிறேன்: அந்த மருந்து உயிரைக் காப்பாற்றும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. அந்த நேரத்து பயத்தில் ஊரே அதன் பின்னால் ஓடியது. அந்த ரெண்டு நாளை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

வார்டிலிருந்து அப்பா கூப்பிட்டபோது போனை எடுக்க முடியாமல் போனதற்கு என்னிடம் பதில் இல்லை. அதைச் சரிசெய்கிற மாதிரி யார் எதைச் சொன்னாலும் எரிச்சல்தான் வரும். ஆனால் மருந்து வாங்கப் போகிறேன் என்று காலையிலேயே அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறீர்கள். மகள் எங்கே, எதற்காக நிற்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அப்புறம், அவர் நம்பருக்கு இன்னும் ரீசார்ஜ் செய்வது கிறுக்குத்தனமா என்று கேட்டீர்கள். இல்லை. வேறு யாரோ எடுத்து ஹலோ சொல்வதைக் கேட்க முடியாது என்றால், போட்டுக்கொண்டே இருங்கள். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறு இடம். நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகியபடியே வீட்டுக்குள் வருவார், அம்மா "டிக்கெட் கொடுக்க வந்துட்டீங்களா" என்று கேட்பார் என்று எழுதியிருந்தீர்களே, அது. எந்த ரூட்டில் ஓடினார்? விசில் அடிப்பாரா, கயிறு இழுக்கிற காலமா? சில்லறை இல்லாதவர்களிடம் கோபப்படுவாரா? அவர் எப்படிப் போனார் என்று சொல்லிவிட்டீர்கள். எப்படி இருந்தார் என்பதையும் கேட்க ஆசை. இன்றைக்கே வேண்டாம், தோன்றும்போது சொல்லுங்கள்.

சனிக்கிழமை மயிலாப்பூரில் காபி என்று பேசியிருந்தோம். இவ்வளவு எழுதிய பிறகு நேரில் பார்க்கக் கூச்சமாக இருந்தால் அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வருவதென்றால் ஐந்து மணிக்கு. அன்றைக்கு இதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்றும் இல்லை, பேசக் கூடாது என்றும் இல்லை. இப்போதைக்கு, ராத்திரி முழுக்க முழித்திருக்கிறீர்கள், ஏதாவது சாப்பிட்டீர்களா?

பிரபு