கருத்துப் பெட்டி விதிகள்: எது நிற்கும், எது போகும்

நம் மாடித்தோட்டப் பக்கத்தில் ஜூலை 1 முதல் இந்த விதிகள் நடைமுறைக்கு வருகின்றன. ஆடிப்பட்டம் வந்துவிட்டால் கேள்விகள் பல மடங்காகும், கேள்விகளோடு விதை விற்பவர்களும் கடன் கொடுப்பவர்களும் சண்டைக்கு ஆள் தேடுபவர்களும் வந்து சேர்வார்கள், அதனால் அதற்கு முன்பே எழுதி வைத்துவிடுகிறோம்.

கருத்துப் பெட்டி யாருக்காக? கேட்டவருக்கும் பதில் சொன்னவருக்கும் மட்டும் அல்ல. மிளகாய்ச் செடியில் இலை சுருண்டதென்று இன்றைக்கு ஒருவர் கேட்கிறார், இலைப்பேனா சிலந்திப்பேனா என்று நான்கு பேர் படம் பார்த்து விவாதிக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து அதே சுருட்டலோடு தேடி வருகிறவருக்கு மேலே இருக்கும் பதிவைவிட அந்த நான்கு பேரின் பேச்சுதான் உதவுகிறது. ஒரு கருத்தை வைப்பதா எடுப்பதா என்று சந்தேகம் வந்தால் அந்த ஆளை மனதில் வைத்துத்தான் முடிவு செய்வோம்.

உங்கள் கருத்து எப்படி வெளியாகும்

முதல்முறை எழுதுகிறவரின் கருத்து எங்களில் ஒருவர் பார்த்த பிறகே வெளியே வரும். அது வெளியாகிவிட்டால் அடுத்தவை நேராக வந்துவிடும். இரண்டு அல்லது அதற்கு மேல் சுட்டிகள் இருந்தாலோ, ஒரு வருடத்துக்கு மேல் பழைய பதிவில் எழுதினாலோ, எத்தனை நாள் பழகியவராக இருந்தாலும் காத்திருக்க வேண்டும். பழைய பதிவுகளைப் பூட்டிவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். ஸ்பாம் அங்கேதான் அதிகம் குவிகிறது என்பதும் உண்மை. ஆனால் மாவுப்பூச்சி வருடா வருடம் வருகிறது, பதிவுக்கு மட்டும் வயதாகிறதே என்று கதவைச் சாத்த எங்களுக்கு மனமில்லை.

பார்ப்பவர்கள் நாங்கள் நான்கு பேர், எல்லோருக்கும் வேறு வேலை உண்டு. காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணிக்குள் இரண்டு மூன்று தடவை எட்டிப் பார்ப்போம். இரவு 11 மணிக்குப் போட்ட கருத்து வரவில்லையே என்று அதையே ஐந்து தடவை போட்டால், காலையில் நாங்கள் ஐந்தையும் படித்துவிட்டு ஒன்றைத்தான் விடுவோம்.

ஸ்பாம்

வேலை, கடன், சூதாட்டம், பங்குச்சந்தை டிப்ஸ், "வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள்" எல்லாம் பார்த்த உடனே போகும், எச்சரிக்கை கிடையாது. "அருமையான பதிவு, மிகவும் பயனுள்ளது" என்று எந்தப் பதிவுக்கும் பொருந்துகிற ஒரு வரி, பெயரைச் சொடுக்கினால் கடன் செயலி. அதுவும் ஸ்பாம்தான். மெய்யாகவே பாராட்ட வந்தவர் தவறிப்போய் இதில் மாட்டாமல் இருக்க ஒரு வழி உண்டு: எந்தச் செடி, என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள்.

கருத்தில் வரும் எல்லாச் சுட்டிகளிலும் `rel="nofollow ugc"` தானாகச் சேர்ந்துவிடும். தேடுபொறியில் உங்கள் கடையை மேலே ஏற்ற இந்தச் சுட்டி உதவாது என்று அதற்கு அர்த்தம், ஆகவே அதற்காக மெனக்கெட வேண்டாம்.

தடை வார்த்தைப் பட்டியல் ஒன்றும் வைத்திருக்கிறோம், அதை முழுசாக நம்புவதில்லை. இந்தப் பக்கத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருள் ஒரு வார்த்தைக்கு உள்ளேயும் போய்த் தேடும். பட்டியலில் "லோன்" என்று போட்டால் "சிலோன் பசலைக்கீரை எப்படி வளர்ப்பது" என்று கேட்கிறவரும் மாட்டுவார். கீரைப் பதிவுகளில் அவர்தானே பாதிப் பேர்! அதனால் பட்டியலில் சிக்கும் எதுவும் அழிக்கப்படாது, காத்திருப்பில் நிற்கும், ஆள் பார்த்துத்தான் முடிவு.

விதை விஷயம் தனி. விதைப் பகிர்வு இந்தப் பக்கத்தின் உயிர், அதை நிறுத்தப் போவதில்லை. ஆனால் "நாட்டு விதை இலவசம், கூரியர் செலவு மட்டும் ஜிபே பண்ணுங்க" என்று ஒரு கைபேசி எண்ணோடு வரும் கருத்தில் எது உண்மை, எது ஏமாற்று என்று எங்களால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே பணம் கேட்கும் எந்தக் கருத்தும், தொகை 40 ரூபாயானாலும், நிற்காது. விதை கொடுப்பவரும் வாங்குபவரும் மாதாமாதம் முதல் ஞாயிறு வரும் விதைப் பகிர்வுப் பதிவில் மட்டும் பேசுங்கள், அங்கேயும் எண் போடாமல் ஊரும் விதையின் பெயரும் மட்டும். நாங்கள் இருவரையும் மின்னஞ்சலில் கோர்த்துவிடுவோம். நர்சரி, விதைக்கடை வைத்திருப்பவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லலாம், சொல்லவும் வேண்டும், உங்கள் அனுபவம் எங்களுக்குத் தேவை. கடை உங்களுடையது என்பதை அதே கருத்தில் சொல்லிவிடுங்கள், அது போதும்.

எங்கள் பெயரையும் படத்தையும் போட்டு "உங்களுக்குக் குரோபேக் பரிசு விழுந்திருக்கிறது, டெலிகிராமில் வாருங்கள்" என்று யாராவது எழுதினால் அது நாங்கள் இல்லை. எங்கள் நால்வரின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை இலை இருக்கும். பரிசு எதுவும் நாங்கள் கொடுப்பதில்லை, அவ்வளவு வசதியும் இல்லை. பணம் போய்விட்டதென்றால் எங்களுக்கு எழுதுவதற்கு முன் 1930-க்கு அழையுங்கள் அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுங்கள், அதில் எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் முக்கியம்.

தவறான ஆலோசனை

தப்பான கருத்தை எடுக்க மாட்டோம், அதற்குப் பதில் எழுதுவோம். ஒருவர் லிட்டருக்கு 50 மில்லி வேப்பெண்ணெய் என்று எழுதினால், அதற்குக் கீழே "5 மில்லி போதும், சோப்புக் கரைசலோடு, வெயில் தாழ்ந்த பிறகு, இல்லையென்றால் இலை கருகும்" என்று இலைக்குறியோடு ஒரு குறிப்பு வரும். தப்பும் திருத்தமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது படிப்பவருக்கு நல்லது, ஏனென்றால் அதே 50 மில்லியை அவர் வேறெங்காவது கேட்டிருப்பார்.

ஆளுக்கு ஆபத்து என்றால் கதை வேறு. காய்கறியில் மோனோகுரோட்டோபாஸ் அடிக்கச் சொல்வது (இந்தியாவில் காய்கறிப் பயிர்களுக்கு அதற்குத் தடை), 2011-ல் உச்சநீதிமன்றம் தடை செய்த எண்டோசல்பானைப் பழைய கையிருப்பில் இருக்கிறது என்று பரிந்துரைப்பது, அணிலுக்கும் எலிக்கும் தக்காளியில் விஷம் தடவி வைக்கச் சொல்வது, இவை உடனே போகும். அந்த மாடியில் குழந்தையும் விளையாடும். மருந்தின் பெயரும் அளவும் சொல்கிறவர்கள் எங்கிருந்து தெரிந்தது என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையா, டப்பாவின் மேல் எழுதியிருப்பதா, பக்கத்து வீட்டுத் தாத்தா சொன்னதா, எதுவானாலும் சரி, சொல்லிவிடுங்கள்.

பூச்சிமருந்து பற்றிய சில கேள்விகள் செடிக்காகக் கேட்டவையாகத் தெரியாது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் மற்றவர்கள் பதில் எழுதாமல் எங்களுக்குத் தெரிவியுங்கள். அதை நாங்கள் மறைத்துவிட்டு அவருக்குத் தனியாக எழுதுவோம், அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐயும் கொடுப்போம். இது விதிமீறல் அல்ல, யாரையும் தடை செய்ய மாட்டோம்.

சண்டையும் வசையும்

இயற்கை உரமா ரசாயன உரமா என்கிற சண்டை நடக்கட்டும். ஒரு பிடி டிஏபி போட்டவரை நம்மாழ்வார் ஐயா பெயரைச் சொல்லி நான்கு பேர் சேர்ந்து மிதிப்பதும், பஞ்சகவ்யம் தெளிப்பவரை மூடநம்பிக்கைக்காரர் என்று ஒதுக்குவதும் இனி நடக்காது. கோடு எங்கே என்று கேட்டால், இப்படி: "ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தினா வேர் அழுகத்தான் செய்யும், இதுகூடத் தெரியாம ஏன் செடி வச்சீங்க" கொஞ்சம் முரட்டுத்தனம், ஆனால் உள்ளே விஷயம் இருக்கிறது, நிற்கும். "செடி அழுகல, உங்க மூளைதான் அழுகிப்போச்சு" போகும். எங்களைத் திட்டினால்? எங்கள் பதிவில் தப்பு என்று எவ்வளவு காரமாகச் சொன்னாலும் நிற்கும்.

சாதி, மதம், பால், உடல் இவற்றை இழுத்துப் பேசுவது, மிரட்டல், ஆபாசம், அடுத்தவரின் எண்ணையோ முகவரியையோ படத்தையோ போடுவது இவற்றுக்கு எச்சரிக்கை இல்லை, கருத்தும் போகும் ஆளும் போவார். இதில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்கள் தங்கள் தோட்டத்துப் படம் போட்டால் செடியை விட்டுவிட்டு "வீடு எந்த ஏரியா", "தனியாவா இருக்கீங்க" என்று வரும் கேள்விகளை நாங்கள் விசாரிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அப்பாவியாகக் கேட்டேன் என்ற விளக்கமும் வேண்டாம். மிரட்டல் என்றால் எடுப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட்டும் நேரமும் சேமித்து, மிரட்டப்பட்டவருக்கு அனுப்புவோம், புகார் கொடுக்க அது வேண்டும்.

எழுத்துப்பிழை, ஆங்கில எழுத்தில் தமிழ், பேச்சுவழக்கு எல்லாம் சரி. யாழ்ப்பாணத்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் எழுதுகிறார்கள், அவர்கள் செடியை எப்படி அழைக்கிறார்கள் என்று கிண்டலடிக்க வேண்டாம்.

எடுத்தால் என்ன நடக்கும்

யாருடைய வார்த்தையையும் நாங்கள் திருத்த மாட்டோம். ஒரே விதிவிலக்கு எழுதியவரே போட்ட தன் கைபேசி எண், அந்த இடத்தில் "எண் நீக்கப்பட்டது" என்று இருக்கும். பதில்கள் தொங்கும் கருத்தை எடுத்தால் அங்கே "விதிமீறலால் நீக்கப்பட்டது" என்று ஒரு வரி விட்டுவைப்போம், இல்லாவிட்டால் கீழே பதில் எழுதியவர்கள் காற்றோடு பேசுகிறவர்கள்போலத் தெரிவார்கள். ஸ்பாமுக்கு அந்த மரியாதை கிடையாது.

வசைக்கு முதல்முறை மின்னஞ்சலில் ஒரு எச்சரிக்கை, இரண்டாம் முறை 7 நாள் தடை, மூன்றாம் முறை நிரந்தரத் தடை. வேறு பெயரில் திரும்பி வந்தால், நல்ல கருத்தே எழுதினாலும், தெரிந்தவுடன் அந்தக் கணக்கும் போகும். எச்சரிக்கை ஒரு வருடம் கழித்துத் தானாகக் காலாவதியாகும்.

முடிவு தப்பு என்று நினைத்தால் "எங்களுக்கு எழுத" பக்கத்தில் 30 நாளுக்குள் எழுதுங்கள். எடுத்தவர் அல்லாமல் இன்னொருவர் பார்ப்பார், ஒரு வாரத்துக்குள் காரணத்தோடு பதில் வரும். எங்களில் ஒருவரே சண்டையில் இருந்தால் அந்தச் சண்டையில் அவர் எதையும் எடுக்கவோ விடவோ கூடாது. கருத்துப் பெட்டியிலேயே முறையீடு செய்ய வேண்டாம், அது கத்தரிக்காய் கேட்க வந்தவருக்கு இடைஞ்சல்.

தவறான ஒன்றைப் பார்த்தால் அதன் கீழேயுள்ள கொடியை அழுத்துங்கள், பதில் சண்டை போட வேண்டாம். கொடி அழுத்தியது யார் என்று வெளியே சொல்ல மாட்டோம். பத்துப் பேர் சேர்ந்து அழுத்தினாலும் கருத்து தானாக மறையாது, ஏனென்றால் பிடிக்காதவரை வாயடைக்க அது சுலபமான வழி.

ஜூலை 1-க்கு முந்தைய கருத்துகளுக்கு எச்சரிக்கை கணக்கில் சேராது. அவற்றில் இருக்கும் கைபேசி எண்களையும் மிரட்டல்களையும் மட்டும் தேடி எடுத்து வருகிறோம், உங்களுடைய எண் எங்காவது கிடக்கிறதென்றால் சொல்லுங்கள், முதலில் அதை எடுத்துவிடுகிறோம். விதிகளில் மாற்றம் வந்தால் 15 நாள் முன்பு இதே பக்கத்தின் மேலே எழுதுவோம்.