யூனிட் இணைந்த பாலிசியில் ஃபண்ட் மாற்றம் கோரும் விண்ணப்பம்

மும்பை, செம்பூர்
22-1-2026

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
பாலிசி சேவைப் பிரிவு,
மாதுங்கா கிளை, மும்பை 400019

பொருள்: பாலிசி எண் 00471 83926 - ஈக்விட்டி குரோத் ஃபண்டிலிருந்து பாண்டு ஃபண்டுக்கு 70 சதவீத யூனிட்களை மாற்றுதல், மாற்றக் கட்டணம், என்.ஏ.வி. தேதி குறித்த ஐயங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்குறித்த பாலிசி 20-3-2017 அன்று என் பெயரில் தொடங்கி, 20-3-2027 அன்று முதிர்வடைகிறது. தங்கள் கிளையில் தமிழ் அறிந்த அலுவலர் இருப்பதாகவும், கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம் என்றும் தொலைபேசியில் சொன்னதால் இதைத் தமிழில் எழுதுகிறேன். நிறுவனத்தின் ஸ்விட்ச் படிவத்தை ஆங்கிலத்தில் தனியே நிரப்பி இணைத்துள்ளேன். பாலிசி எடுத்த நாளிலிருந்தே நான் தமிழில்தான் கையொப்பமிட்டு வருகிறேன். படிவத்திலும் அவ்வாறே இட்டிருக்கிறேன்.

என் மகள் 2027 ஜூன் மாதம் கல்லூரியில் சேரவிருக்கிறாள். முதிர்வுத் தொகை முழுவதும் அந்தச் செலவுக்கென்றே சேர்த்தது. இன்னும் பதினான்கு மாதங்களே இருக்கும் நிலையில் பணத்தின் பெரும்பகுதியைப் பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்தில் விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. வட்டி விகிதம் ஏறினால் பாண்டு ஃபண்டின் என்.ஏ.வி.யும் இறங்கக்கூடும் என்பதை அறிந்தே இம்முடிவை எடுத்திருக்கிறேன். என் கடைசி அறிக்கையின்படி ஈக்விட்டி குரோத் ஃபண்டில் 14,286.3150 யூனிட்கள் உள்ளன. யூனிட் ஒன்றுக்கு 41.8200 ரூபாய் என்ற கணக்கில் அவற்றின் மதிப்பு 5,97,453.69 ரூபாய். இதில் 70 சதவீத யூனிட்களைப் பாண்டு ஃபண்டுக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பெயர் ஒத்த ஃபண்டுகள் தங்களிடம் இருப்பதால், குழப்பம் நேராதிருக்க இரண்டு ஃபண்டுகளின் எஸ்.எஃப்.ஐ.என். எண்களையும் படிவத்தில் குறித்துள்ளேன். மீதி 30 சதவீதம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

இக்கடிதத்தை 23-1-2026 வெள்ளிக்கிழமை நண்பகல் 12 மணிக்கு முன்பாக நானே நேரில் கொண்டுவந்து தருவேன். பிற்பகல் 3 மணிக்குள் பெறப்படும் மாற்றக் கோரிக்கைக்கு அன்றைய இறுதி என்.ஏ.வி.யும், அதன் பிறகு பெறப்படுவதற்கு அடுத்த வேலை நாளின் என்.ஏ.வி.யும் பொருந்தும் என்பது விதி. 26ஆம் தேதி திங்கட்கிழமை குடியரசு நாள் விடுமுறை என்பதால், வெள்ளியன்று 3 மணியைத் தாண்டிவிட்டால் என் கோரிக்கைக்கு 27ஆம் தேதி செவ்வாய்க்கிழமையின் விலைதான் கிடைக்கும். ஆகவே, பெற்ற தேதியும் மணியும் குறித்த முத்திரையை என் முன்னிலையிலேயே இட்டு, அதன் நகலைத் தருமாறு வேண்டுகிறேன்.

இதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 25-7-2025 வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.30 மணிக்கு 2,400 யூனிட்களை மாற்றக் கோரும் படிவத்தை இதே கிளையில் கொடுத்தேன். வரிசையில் காத்திருந்தவர்கள் பலர் இருந்ததால் படிவம் மேசையிலேயே கிடந்து, 3.20 மணிக்குத்தான் முத்திரை விழுந்தது. எனக்கு 40.1200 என்ற வெள்ளிக்கிழமை விலை கிடைக்காமல் 39.8600 என்ற திங்கட்கிழமை விலை கிடைத்தது. இழப்பு 624 ரூபாய். சந்தை ஏறியிருந்தால் எனக்கு ஆதாயமாகவும் ஆகியிருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் படிவம் கொடுத்த நேரம்தான் கணக்கா, முத்திரை விழுந்த நேரம்தான் கணக்கா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. இம்முறை மாறப்போவது ஏறத்தாழ 4,18,000 ரூபாய். ஒரு நாளில் என்.ஏ.வி. 1 சதவீதம் நகர்ந்தாலே 4,180 ரூபாய் வித்தியாசம் வந்துவிடும். கட்டணத்தைவிட இந்த நேரக் கணக்கே எனக்குப் பெரிது.

இனி என் ஐயங்கள். ஈக்விட்டி ஃபண்டில் யூனிட்களை நீக்குவதும் பாண்டு ஃபண்டில் யூனிட்களை ஒதுக்குவதும் ஒரே நாளின் என்.ஏ.வி.யில் நடக்குமா, அல்லது இடையில் ஒரு நாள் பணம் எந்த ஃபண்டிலும் இல்லாமல் நிற்குமா என்பதைத் தெளிவுபடுத்துங்கள். இணையதளம் வழியாகக் கொடுக்கும் கோரிக்கைக்கும் இதே 3 மணி எல்லைதானா, அங்கே பதிவாகும் நேரம் நான் அனுப்பிய நேரமா, தங்கள் பக்கம் ஏற்றுக்கொண்ட நேரமா என்பதையும் சொன்னால், அடுத்த முறை மாதுங்கா வரை வந்து நிற்க வேண்டியிராது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, என் பாலிசி ஆவணத்தில் ஒரு பாலிசி ஆண்டில் நான்கு மாற்றங்கள் இலவசம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 100 ரூபாய் என்று உள்ளது. என் பாலிசி ஆண்டு மார்ச் 20 முதல் மறு ஆண்டு மார்ச் 19 வரை. இந்த ஆண்டில் நான் ஏப்ரல், ஜூன், ஜூலை, செப்டம்பர் மாதங்களில் ஒவ்வொரு முறை, ஆக நான்கு முறை படிவம் கொடுத்திருக்கிறேன். ஆனால் 9-9-2025 அன்று செய்த மாற்றத்துக்கு 100 ரூபாய் கட்டணமும் 18 ரூபாய் ஜி.எஸ்.டி.யும் யூனிட்களிலிருந்து பிடிக்கப்பட்டுள்ளன. ஜூலையில் ஒரே படிவத்தில் ஈக்விட்டியிலிருந்து பாண்டு ஃபண்டுக்கும் பேலன்ஸ்டு ஃபண்டுக்கும் பிரித்து மாற்றியதை இரண்டு மாற்றங்களாக எண்ணியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படி எண்ணுவதற்கான வாசகம் பாலிசி ஆவணத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டுங்கள். இல்லையெனில் அந்த 118 ரூபாயைத் திருப்பி வரவு வையுங்கள்.

இப்போது கோரும் மாற்றம் என் கணக்கிலேயே ஐந்தாவது என்பதால் இதற்குக் கட்டணம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இலவசக் கணக்கு மார்ச் 20 அன்று புதிதாகத் தொடங்கும் என்றாலும் 100 ரூபாய்க்காக இரண்டு மாதம் காத்திருக்க விரும்பவில்லை. அந்தக் கட்டணம் எந்த ஃபண்டின் யூனிட்களிலிருந்து, மாற்றத்துக்கு முன்பா பின்பா கழிக்கப்படும்? 22-9-2025 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு, யூனிட் இணைந்த பாலிசிகள் உட்பட, ஜி.எஸ்.டி. விலக்கு அளிக்கப்பட்டிருப்பதால் இம்முறை 100 ரூபாய் மட்டுமே பிடிக்கப்படும் என்று கொள்ளலாமா?

மற்றொன்று, ஏற்கெனவே உள்ள யூனிட்களை மாற்றுவது வேறு, வரப்போகும் பிரீமியத்தை வேறு ஃபண்டுக்குத் திருப்புவது வேறு என்பதை அறிவேன். 20-3-2026 அன்று செலுத்த வேண்டிய 50,000 ரூபாய் என் கடைசி பிரீமியம். அதை முழுவதும் பாண்டு ஃபண்டிலேயே இடுவதற்கான திருப்புக் கோரிக்கைப் படிவத்தையும் இத்துடன் வைத்துள்ளேன். கெடு தேதிக்கு முன்பே காசோலை கொடுத்தால் யூனிட் ஒதுக்கீடு 20ஆம் தேதியின் என்.ஏ.வி.யில்தானே நடக்கும் என்பதை உறுதிசெய்யுங்கள்.

இந்த விடைகளுக்காக மாற்றத்தை நிறுத்திவைக்க வேண்டாம். மாற்றத்தை வெள்ளிக்கிழமையே நிறைவேற்றி, நீக்கிய யூனிட்கள், ஒதுக்கிய யூனிட்கள், இரு ஃபண்டுகளின் என்.ஏ.வி., பொருந்திய தேதி, பிடித்த கட்டணம் ஆகியவை அடங்கிய அறிக்கையை அனுப்புங்கள். என் கேள்விகளுக்கு 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தந்தால் போதும்.

இணைப்பு: ஸ்விட்ச் படிவம், பிரீமியம் திருப்புப் படிவம், ஜூலை மற்றும் செப்டம்பர் மாத யூனிட் அறிக்கைகளின் நகல்கள், அடையாளச் சான்றின் நகல்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோ. சரசுவதி
(பாலிசிதாரர்)